ஏழாவது வாரத்தில் திரும்பி வந்த தலைவலி

கேள்வி:

"என் தம்பிக்கு 36 வயது, லாரி ஓட்டுகிறான். 50 கிலோ எடை. மூன்று வாரம் விடாத தலைவலி, வாந்தி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று அரசு மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 அணு எண்ணிக்கை 28. மூளை உறையில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை என்றார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தபோது அழுத்தம் 38 என்று எழுதியிருக்கிறது. ஒரே ஒரு ராத்திரிதான் டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். அப்புறம் இரண்டு வாரம் வெறும் மாத்திரை. பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பதினான்கு நாள் டிரிப்ஸ் போனது. எங்களுக்குக் குறைத்துவிட்டார்களா? முதுகில் நான்கு முறை நீர் எடுத்தார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்தியதால் ஐந்தாவது முறை கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது ஃப்ளூகோனசோல் 200 மி.கி. மாத்திரை தினமும் நான்கு என்று எழுதினார்கள். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் கொழுந்தனார், 'படர்தாமரைக்கு வாரம் ஒன்று கொடுக்கிற மாத்திரை இது, நாலு போட்டால் ஈரல் போய்விடும்' என்றார். மூன்று வாரமாக ஒன்றுதான் கொடுக்கிறேன். தம்பியின் எச்.ஐ.வி. பற்றி அவருக்குத் தெரியாது. எச்.ஐ.வி. மருந்தை ஐந்தாவது வாரம்தான் தொடங்கினார்கள், ஏன் அவ்வளவு தாமதம்? இப்போது ஏழாவது வாரம். ஐந்து நாளாகத் தலைவலி திரும்பிவிட்டது, காலையில் வாந்தி. தனியார் லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பாசிட்டிவ். மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? தெரு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார்."

— ஒரு சகோதரி, தென் மாவட்டத்திலிருந்து

பதில்:

மற்றதெல்லாம் பிறகு. தம்பியை இன்றே அதே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பதில் அச்சாகும் வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், இந்தப் பத்தியை மட்டும் உங்களுக்குப் போனில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரி, எச்.ஐ.வி. மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் கொடுத்த புத்தகம், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், இவ்வளவும் பையில் இருக்கட்டும். மூன்று வாரமாக நான்குக்குப் பதில் ஒரு மாத்திரைதான் கொடுத்தோம் என்பதைப் பணி மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். திட்டு வாங்க நேரிடலாம், பரவாயில்லை. அந்த ஒரு தகவல் தெரியாமல் அவரால் சரியான முடிவெடுக்க முடியாது. எச்.ஐ.வி. மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு ஊசியைத் தெருக் கிளினிக்கில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். போகிற வழியில் வலிப்பு வந்தாலோ, தூக்கக் கலக்கமாகி ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி நிதானமாகப் பேசலாம்.

அழுத்தம் ஏன் ஏறுகிறது, நீர் எடுப்பதில் என்ன ஆபத்து

நம் மூளையைச் சுற்றி ஒரு தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. உடல் மணிக்குச் சுமார் 20 மில்லி வீதம் அதைச் சுரக்கிறது. மூளையின் மேற்புறத்திலுள்ள நுண்ணிய வடிகால்கள் வழியாக அது ரத்தத்தில் போய்ச் சேர்கிறது. கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்குத் தடித்த, வழவழப்பான சர்க்கரை உறை உண்டு. பூஞ்சையும் அது உதிர்க்கும் அந்த வழவழப்பும் சேர்ந்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகாலில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொள்வது போல, வெளியேறும் வழியை அடைத்துவிடுகின்றன. சுரப்பது நிற்காது, வடிவது குறையும், அழுத்தம் ஏறும். தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, கடைசியில் பார்வையே போவது, நினைவு தப்புவது எல்லாம் பெரும்பாலும் இந்த அழுத்தத்தால்தான். முதல் இரண்டு வாரங்களில் நேரும் மரணங்களில் அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே மூளை வீங்கவில்லை, வடிகால்தான் அடைத்திருக்கிறது. அதனால் மற்ற மூளை நோய்களில் போடும் மேனிட்டால், அசிட்டசோலமைடு போன்றவை இதில் உதவுவதில்லை. நீரை வெளியே எடுப்பதுதான் சிகிச்சை. ஊசியோடு ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்துவார்கள். அது இல்லாத வார்டில் சலைன் டியூபை நிமிர்த்திப் பிடித்து அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். நீர் எத்தனை சென்டிமீட்டர் உயரம் ஏறி நிற்கிறதோ அதுதான் சம்மரியில் இருக்கும் அந்த 38. 25-க்கு மேல் என்றால் அதிகம். 20-க்குக் கீழே வரும்வரை, அல்லது மிகவும் அதிகமாக இருந்தால் பாதியாகக் குறையும்வரை, 20 முதல் 30 மில்லி வரை மெல்ல வடித்துவிட்டு மறுபடி அளப்பார்கள். எடுத்த நீர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மீண்டும் சுரந்துவிடும், அடைப்போ அப்படியே இருக்கிறது. அதனால்தான் தினம் தினம் எடுக்க வேண்டியிருக்கிறது. நான்கு முறை என்பது இந்த நோயில் சாதாரணம். பத்து முறைக்கு மேல் எடுத்து நன்றாக நடந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

கால் விளங்காமல் போகும் என்ற பயத்துக்கு வருகிறேன். வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பெலும்பு வரிசையில் முதல், இரண்டாவது எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு நடுவில், அல்லது அதற்கும் ஒரு படி கீழே. அங்கே இருப்பது நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான். ரத்தம் உறையாத கோளாறு, ஊசி போடும் இடத்தில் சீழ், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு போன்றவை இருந்தால் மருத்துவர்களே நிதானிப்பார்கள், தேவையானால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். உங்கள் தம்பிக்கு ஏற்கனவே நான்கு முறை சிக்கலில்லாமல் எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு மறுபடி கேட்டால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். தம்பி தெளிவாக இருந்தால் சம்மதம் கேட்க வேண்டியது அவரிடம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீர் எடுத்ததாலேயே தலைவலி வருவதும் உண்டு. அது எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும், சில நாளில் போய்விடும். நீங்கள் எழுதியிருப்பது அதுவல்ல. கடைசியாக நீர் எடுத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. படுத்து எழுந்த காலையில் மோசமாக இருந்து வாந்தியோடு வருகிற வலி அழுத்தத்தைத்தான் காட்டுகிறது.

ஒரே ராத்திரி டிரிப்ஸ்: ஏமாற்றவில்லை

இந்த நோய்க்கான சிகிச்சைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் பூஞ்சையை வேகமாகக் கொன்று எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இரண்டாவதில் மிச்சத்தை அடக்கி அழிக்க வேண்டும். மூன்றாவதில், எதிர்ப்பு சக்தி திரும்பும்வரை அது தலைதூக்காமல் காவல் காக்க வேண்டும்.

முதல் கட்டத்தின் முக்கிய மருந்து ஆம்போடெரிசின். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தபோது தட்டுப்பாடு என்று செய்திகளில் அடிபட்டதே, அதே ஊசிதான். அதன் பழைய வகை மலிவு. ஆனால் குளிர் நடுக்கம், ஊசி ஏற்றிய ரத்தக்குழாயில் வீக்கம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரும், நாள்தோறும் ஏற்ற வேண்டும். கொழுப்புத் துளிகளில் பொதிந்த லைபோசோமல் வகை உடல் திசுக்களில் பல நாள் தங்குகிறது. அதனால் கிலோவுக்கு 10 மி.கி. என்று ஒரே தடவையில் பெரிய அளவாகக் கொடுத்தால் என்ன என்று ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகியவை அந்த நாடுகள். ஒற்றை ஊசியோடு இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் மாத்திரைகள் பெற்றவர்களில் பத்து வாரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர் அளவு. பழைய ஆம்போடெரிசினை ஒரு வாரம் தினமும் ஏற்றிக்கொண்ட பிரிவில் அது 29 பேர் அளவு. பலனில் ஒற்றை ஊசி எந்த வகையிலும் குறைந்துபோகவில்லை, பக்கவிளைவோ தெளிவாகக் குறைவு. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது.

உங்கள் தம்பியின் கணக்கைப் பாருங்கள். 50 கிலோவுக்கு 500 மி.கி., அதாவது 50 மி.கி. குப்பிகள் பத்து, ஒரே ராத்திரியில். அதோடு ஃப்ளூசைட்டோசின் கிலோவுக்கு 100 மி.கி. என்றால் 500 மி.கி. மாத்திரை நாளுக்குப் பத்து, நான்கு வேளையாகப் பிரித்து. அத்துடன் ஃப்ளூகோனசோல் 1200 மி.கி., இவை இரண்டும் 14 நாள். "வெறும் மாத்திரை" என்று நீங்கள் எழுதியது உண்மையில் இந்தக் கட்டத்தின் பாதி பலம். ஃப்ளூசைட்டோசின் கிடைக்காத இடங்களில் ஆம்போடெரிசினை இரண்டு வாரம் தினமும் கொடுத்து ஃப்ளூகோனசோலைச் சேர்ப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அப்படி ஏதோ காரணம் இருந்திருக்கலாம்.

தம்பிக்கு இந்தக் கட்டம் மறுபடி தேவைப்படலாம் என்பதால் அதில் எதைக் கவனிப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைத் தாக்கும், பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் வெளியேற்றும். அதனால் மருந்துக்கு முன்பே பொட்டாசியம் கலந்த ஒரு லிட்டர் சலைன் ஏற்றுவார்கள், பொட்டாசியம், மெக்னீசிய மாத்திரைகளும் கொடுப்பார்கள். மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. ஆம்போடெரிசினை மட்டும் உப்பு சலைனில் கலக்க மாட்டார்கள், திரிந்துவிடும். குளுக்கோஸ் பாட்டிலில்தான் கலப்பார்கள். அந்த வித்தியாசத்தைப் பார்த்து மருந்தை மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். கிரியாட்டினின், பொட்டாசியம், ரத்த அணுக்கள் ஆகியவற்றை வாரம் இரண்டு முறையாவது பார்ப்பார்கள். ஃப்ளூசைட்டோசின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. ஆம்போடெரிசினால் சிறுநீரகம் மந்தமானால் ஃப்ளூசைட்டோசின் உடலில் தேங்கி, எலும்பு மஜ்ஜையைப் பாதித்து வெள்ளணுவைக் குறைக்கும். ஒரு மருந்தின் பக்கவிளைவு இன்னொன்றின் விஷமாகிவிடுகிறது. கிரியாட்டினின் ஏறினால் ஃப்ளூசைட்டோசின் அளவைக் குறைப்பது இதனால்தான்.

நான்கு மாத்திரை ஏன்

உங்கள் கொழுந்தனார் சொன்னது படர்தாமரைக்குச் சரி. கடையில் அவர் தினம் பார்ப்பது வாரம் ஒரு 150 மி.கி. மாத்திரை. நோய் என்னவென்றே தெரியாதவரிடம் அளவு சரியா என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆம்போடெரிசின் பூஞ்சையைக் கொல்லும். ஃப்ளூகோனசோல் பெரும்பாலும் அதை வளரவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பிடி இறுக்கமாக இருக்க வேண்டுமென்றால் அளவு பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் முடிந்ததும் 1200-இலிருந்து 800 மி.கி., எட்டு வாரம். அதாவது பத்தாவது வாரம் முடியும்வரை தினம் நான்கு. அதற்குப் பிறகுதான் 200, நீங்கள் இப்போது கொடுக்கும் அந்த ஒற்றை மாத்திரை. ஆக நீங்கள் மூன்றாம் கட்டத்தின் அளவை நான்காவது வாரத்திலேயே தொடங்கிவிட்டீர்கள். அந்த நேரத்தில் தம்பியின் சிடி4 ஏறக்குறைய அதே 28-இல்தான் இருந்திருக்கும். மூளை நீரில் உயிருள்ள பூஞ்சை கொஞ்சம் மிச்சமிருந்திருந்தால், அது மறுபடி பெருகுவதற்கு இடம் கிடைத்துவிட்டது.

ஈரல் பற்றிய கவலை பொய்யல்ல. அதற்கு மருந்தைக் குறைப்பது வழியில்லை, ஈரல் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டே கொடுப்பதுதான் வழி. எஸ்ஜிபிடி இயல்பின் மேல் அளவைப் போல ஐந்து மடங்கு தாண்டினாலோ, கண் மஞ்சளானாலோ, மருத்துவர் மாற்று யோசிப்பார். அதைவிட அதிகமாக நான் கவலைப்படுவது மற்ற மருந்துகளோடு ஃப்ளூகோனசோல் மோதுவதைப் பற்றி. வலிப்புக்கு ஃபெனிடாயின் கொடுத்திருந்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறிவிடும், தள்ளாட்டம் வரும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் கதை தலைகீழ், அது ஃப்ளூகோனசோலையே உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஏஆர்டி மையத்தில் கொடுக்கும் டொலுடெக்ராவிர் சேர்ந்த கூட்டு மாத்திரையோடு பெரிய மோதல் இல்லை. அதிலுள்ள டெனோஃபோவிர் சிறுநீரகத்தைத் தொடும், அதனால் ஆம்போடெரிசின் கிரியாட்டினினை எங்கே விட்டுவைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள்.

எச்.ஐ.வி. மருந்து தாமதமாகவில்லை

காசநோய் மூளை உறை அழற்சி, இந்தப் பூஞ்சை ஆகிய இரண்டைத் தவிர, மற்ற நோய்கள் பெரும்பாலானவற்றில் ஏஆர்டியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்குவது நல்லது. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், பூஞ்சை மருந்து தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் ஏஆர்டி தொடங்கியவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 45 பேர் இறந்தார்கள். ஐந்து வாரம் அளவில் தொடங்கியவர்களில் 30 பேர். அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். எதிர்ப்பு சக்தி திடீரென்று விழித்துக்கொண்டு, மூளை உறை முழுக்கக் கிடக்கும் பூஞ்சைக் குப்பையோடு சண்டை போடுவது காரணமாக இருக்கலாம். அதனால் நான்கிலிருந்து ஆறு வாரம் என்பதுதான் இன்றைய நடைமுறை. ஐந்தாவது வாரம் தொடங்கியது மிகச் சரி.

ஆன்டிஜென் பாசிட்டிவ், அப்படியென்றால்?

ஒன்றும் அர்த்தமில்லை என்று சொல்லிவிடலாம். ஆன்டிஜென் பரிசோதனை தேடுவது பூஞ்சையின் சர்க்கரை உறையை. பூஞ்சை செத்த பிறகும் அந்த உறைத் துகள்கள் ரத்தத்தில் மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும் சுற்றிக்கொண்டிருக்கும். நோயைக் கண்டுபிடிக்க இது மிக நல்ல பரிசோதனை. குணமாகிறதா என்று பார்க்க உதவாது. தம்பி நான்கு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் இன்று இதே பாசிட்டிவ்தான் வந்திருக்கும். அந்த லேப் பணத்தை இனி மிச்சம் பிடியுங்கள்.

முதுகு நீரில் இந்தியா இங்க் சாயம் போட்டுப் பார்ப்பதிலும் செத்த பூஞ்சை தெரியலாம். உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடியது கல்ச்சர் ஒன்றுதான், நீரை ஊடகத்தில் வைத்து வளர்கிறதா என்று இரண்டு வாரம் வரை பார்ப்பது.

உங்கள் தம்பி விஷயத்தில் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஏழாவது வாரத்துத் தலைவலிக்கு இரண்டு வலுவான காரணங்கள் ஒன்றாகக் கண்முன் நிற்கின்றன. மூன்று வாரம் மருந்து குறைந்தது, அதனால் நோய் திரும்பியிருக்கலாம். ஏஆர்டி தொடங்கி இரண்டு வாரமாகிறது, அதனால் எதிர்ப்பு சக்தி விழித்ததால் வரும் அழற்சியாகவும் இருக்கலாம். இதை மருத்துவர்கள் ஐரிஸ் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சிகிச்சையோ எதிரெதிர். நோய் திரும்பியிருந்தால் முதல் கட்டத்தை, அதாவது ஆம்போடெரிசினை, மறுபடி ஆரம்பத்திலிருந்து கொடுக்க வேண்டும். ஐரிஸ் என்றால் பூஞ்சை மருந்தை முழு அளவில் தொடர்ந்து, அழுத்தத்தை வடித்து, ஏஆர்டியை நிறுத்தாமல், மிக மோசமானால் மட்டும் ஸ்டீராய்டு சேர்ப்பார்கள்.

தெரு டாக்டர் சொன்ன ஸ்டீராய்டு ஊசியை நான் முதலிலேயே தடுத்ததற்கு இதுதான் காரணம். வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா, லாவோஸ், மலாவி, உகாண்டா ஆகிய நாடுகளில் இந்த நோய்க்கு ஆரம்பத்திலேயே டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. அதில் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குப் பூஞ்சை மெதுவாகவே குறைந்தது, ஊனம் அதிகமானது. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். உயிருள்ள பூஞ்சை இருக்கிறதா என்று தெரியாமல் ஸ்டீராய்டு போடுவது அதற்கு உரம் போடுவதாகிவிடும். ஊசி போட்டதும் ஓரிரு நாள் தலைவலி குறைந்த மாதிரி தெரிவது இன்னும் ஏமாற்று.

அப்படியானால் மருத்துவமனையில் என்ன நடக்கும்? முதலில் நீர் எடுத்து அழுத்தம் அளப்பார்கள், அதிகமாக இருந்தால் வடிப்பார்கள். அதே நீரை பூஞ்சைக் கல்ச்சருக்கும், காசநோய்க்கான ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கும் அனுப்புவார்கள். இவ்வளவு குறைந்த சிடி4-இல் காசநோய் கூடவே ஒளிந்திருப்பது அபூர்வமல்ல. கல்ச்சர் முடிவு வர நாளாகும், அதுவரை கைகட்டி இருக்க முடியாது. மருந்து குறைந்த வரலாறு இவ்வளவு தெளிவாக இருப்பதால், நான் அந்த வார்டில் இருந்தால் முதலில் நோய் திரும்பியதாகவே வைத்து ஆம்போடெரிசினைத் தொடங்கியிருப்பேன். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று வந்தால் ஐரிஸ் பக்கம் திரும்புவேன். உங்கள் மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்து வேறு விதமாக முடிவெடுத்தால் அவர் சொல்வதே சரி. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: "இன்று அழுத்தம் எவ்வளவு?", "கல்ச்சருக்கு அனுப்பியாயிற்றா?" இரண்டையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். தினமும் வடித்தும் அழுத்தம் இறங்கவே இல்லையென்றால், நரம்பு அறுவை மருத்துவரிடம் பேசி முதுகில் தற்காலிகக் குழாயோ, வயிற்றுக்கு வடியும் ஷண்ட்டோ வைப்பார்கள்.

அந்த ஒற்றை மாத்திரை எப்போது, எதுவரை

முதல் கட்டத்தை மறுபடி கொடுத்தால் நாள்காட்டியும் மறுபடி தொடங்கும்: இரண்டு வாரம், பிறகு 800 எட்டு வாரம், பிறகு 200. கல்ச்சரில் எதுவும் வளராமல் ஐரிஸ் என்றே முடிவானால் 800-ஐ எப்போது குறைப்பது என்று அவர்கள் எழுதித் தருவார்கள், ஒரு மாத்திரைக்கு நீங்களாக இறங்க வேண்டாம்.

200 மி.கி. மாத்திரை குறைந்தது ஒரு வருடம் போகும். நிறுத்துவதற்கு அந்த ஒரு வருடம் மட்டும் போதாது. ஏஆர்டி ஒழுங்காக நடந்து, வைரஸ் எண்ணிக்கை அடங்கி, சிடி4 100-க்கு மேல் நிலைத்திருக்க வேண்டும். வைரல் லோடு பார்க்க வழியில்லாத இடங்களில் 200-க்கு மேல் வரக் காத்திருப்பார்கள். ஏஆர்டி தொடங்கிய ஆறாவது மாதத்தில் வைரல் லோடும் சிடி4-உம் பார்க்கும் தேதியைத் தவறவிடாதீர்கள், இந்த மாத்திரையின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த எண்கள்தான். நிறுத்திய பிறகு எப்போதாவது சிடி4 மறுபடி 100-க்குக் கீழே போனால் மாத்திரையும் திரும்பி வரும். இந்தக் கட்டத்தில் நான் பார்க்கும் பெரும்பாலான தோல்விகள், லாரியில் வெளிமாநிலம் போனபோது அட்டை தீர்ந்துபோனது போன்ற சாதாரணக் காரணத்தால் வருபவை. தம்பி மறுபடி வண்டி எடுக்கும்போது ஒரு மாத மாத்திரை வண்டியிலும் இருக்கட்டும். பார்வை இரட்டையாகத் தெரிவது முழுவதும் சரியாகும்வரை ஸ்டீயரிங் பக்கம் போகவே கூடாது.

கொழுந்தனாரிடம் என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். "மூளை உறையில் பூஞ்சைத் தொற்று, பத்தாவது வாரம் முடியும்வரை தினம் 800 மி.கி. என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்கள்" என்பது போதும், அது முழு உண்மையும்கூட. இந்தப் பூஞ்சை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வீட்டில் தட்டு டம்ளரைப் பிரித்து வைக்கிற பேச்சு எழாது. எச்.ஐ.வி. பற்றிச் சொல்வதும் சொல்லாததும் தம்பியின் முடிவு. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த உரிமையை அவருக்குத் தருகிறது. மருத்துவமனை ஊழியர்களும் அதை வெளியே சொல்லக் கூடாது. அவருக்கு மனைவி இருந்தால் அவரும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று ஏஆர்டி மைய ஆலோசகர் தம்பியோடு உட்கார்ந்து பேசுவார். போனில் கேட்க வேண்டுமென்றால் 1097 இலவச எண்.